37 வயது, 1:210. முட்டை பழையதானால் குரோமோசோம் எப்படிக் கூடும்?

கொழிஞ்சாம்பாறை மருமகள் | 4 ஜூன் 2023, இரவு 10.40

எனக்கு 37. இரண்டாவது கர்ப்பம், 12 வாரம் முடிந்திருக்கிறது. சித்தூர்ப் பக்கத்திலிருந்து எல்லை தாண்டிக் கோயம்புத்தூர் போய் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் எடுத்தோம். ரிப்போர்ட்டில் டவுன் சிண்ட்ரோம் 1:210, ஹை ரிஸ்க் என்று சிவப்பு எழுத்தில் இருக்கிறது. டாக்டரிடம் ஏன் என்று கேட்டேன். "வயதாகிவிட்டதம்மா, முட்டையும் பழையதுதானே" என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முட்டை பழையதானால் கெட்டுப்போகும், கரு தங்காது. அது புரிகிறது. குரோமோசோம் எப்படி ஒன்று கூடும்? பழையதாகிற எதுவும் தேய்ந்து குறையத்தானே செய்யும்? மாமியார் வேறு, எங்கள் வம்சத்தில் நாலு தலைமுறையாக யாருக்கும் இல்லை என்று வேளைக்கு ஒரு முறை சொல்கிறார். தைரியம் சொல்ல வேண்டாம். காரணம் தெரிந்தால் சொல்லுங்கள்.

மீனாட்சிபுரம் மருந்துக்கடை | 4 ஜூன், 11.05

சொந்தத்தில் கட்டினீர்களா? தாய்மாமன், அத்தை மகன்? நம் பக்கத்தில் பாதிக்கு மேல் அதனால்தான் வருகிறது. ஃபோலிக் ஆசிட் ஒழுங்காகச் சாப்பிட்டீர்களா என்பதும் முக்கியம்.

கொழிஞ்சாம்பாறை மருமகள் | 4 ஜூன், 11.12

அந்நியத்தில்தான். மாத்திரை ஒரு நாள் விடவில்லை.

உயிரியல் வாத்தியார் | 5 ஜூன், காலை 6.20

பிளஸ் டூ பாடத்தில் இருப்பதுதான். முட்டையும் விந்தும் உருவாகும் குன்றல் பகுப்பில் ஜோடிக் குரோமோசோம்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிய வேண்டும். சில சமயம் பிரியாமல் ஒட்டிக்கொண்டு இரண்டும் ஒரே முட்டைக்குள் போய்விடும். விந்தில் ஒன்று வரும், ஆக மூன்று. வயதானால் ஒட்டு இறுகிவிடுகிறது. 35 வயது வரை பயமில்லை, அதன் பிறகு சட்டென்று ஏறும்.

சித்தூர்க்காரன் | 5 ஜூன், 7.02

சித்தூரில் இந்தப் பரிசோதனை எங்கே எடுக்கலாம் என்று கேட்கிறீர்களா? திருப்பதி போய்விடுங்கள், பக்கம்.

உயிரியல் வாத்தியார் | 5 ஜூன், 7.10

அவர் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம். நீங்கள் ஆந்திரச் சித்தூர். திருப்பதிக்கு வந்தால் பிரசவமே ஆகிவிடும்.

பழைய லேப்காரன் | 5 ஜூன், பகல் 1.30

நான் டாக்டர் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு குரோமோசோம் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பனிக்குட நீரிலிருந்து செல்களை வளர்த்து, சாயமேற்றி, படமெடுத்து, குரோமோசோம்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஜோடி ஜோடியாக ஒட்டிய காலத்து ஆள். இருப்பதிலேயே குட்டையானது 21-ம் எண். டவுன் சிண்ட்ரோமில் கூடுவது அதுதான்.

வாத்தியார் சொன்னதில் முடிவு சரி, வழி தலைகீழ். ஒட்டு இறுகுவதால் வருவதில்லை. பெரும்பாலும் ஒட்டு விட்டுப்போவதால் வருகிறது. தங்கையின் கேள்விக்குப் பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் காலக் கணக்கு. உங்கள் கருமுட்டைகள் நீங்கள் வயதுக்கு வந்தபோது உண்டானவை அல்ல. நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் இருந்தபோது உங்கள் சினைப்பைகளில் 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருந்தன. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது மூன்று, நான்கு லட்சம். எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் வருகிறது. இந்தச் செல்கள் குன்றல் பகுப்பைத் தொடங்கியதும் அந்தக் கருவறை நாட்களில்தான். தொடங்கி, நடுவழியில் நின்றுவிட்டன. இந்தக் கர்ப்பத்துக்கு வந்த முட்டை 37 வருடங்களுக்கும் மேலாக அந்த நடுவழியிலேயே நின்றிருக்கிறது.

நிற்கும்போது உள்ளே என்ன நிலை? உங்கள் அம்மா கொடுத்த 21, அப்பா கொடுத்த 21 என்று இரண்டு. ஒவ்வொன்றும் நகலெடுக்கப்பட்டு இரட்டை இழையாக இருக்கிறது. இரட்டை இழைகளைச் சுற்றி வளையம் வளையமாக ஒரு புரதம், பெயர் கோஹீசின். பிறகு அம்மா பக்கத்து 21-ம் அப்பா பக்கத்து 21-ம் எங்கோ ஓரிடத்தில் துண்டு மாற்றிக்கொள்கின்றன. மாற்றிக்கொண்ட இடத்துக்கு அப்பால், நுனிவரை இருக்கும் வளையங்கள்தான் இப்போது அந்த ஜோடியையே கட்டி வைத்திருக்கின்றன. அவை கழன்றால் ஜோடி அவிழ்ந்துவிடும்.

அந்த வளையங்கள் கருவறையில் ஒருமுறை மாட்டப்பட்டவை. பிறகு யாரும் வந்து புதிதாக மாட்டுவதில்லை. எலிகளில் இதைச் சோதித்திருக்கிறார்கள். முட்டை வளரும் கட்டத்தில் புதிய கோஹீசினைச் செய்யும் வழியை அடைத்தாலும் பழைய வளையங்களே வேலையை முடிக்கின்றன. பழையதைக் கழற்றிவிட்டால், புதியது வந்து ஈடு செய்வதில்லை. கிணற்றுக் கயிறு மாதிரி. சும்மா தொங்கும்வரை எத்தனை பிரி நைந்திருக்கிறது என்று தெரியாது. வாளியை இழுக்கிற நாளில் தெரியும்.

இழுக்கிற நாள், முட்டை வெளிவருவதற்கு முந்தைய ஒன்றரை நாள். ஹார்மோன் ஏறியதும் நின்றுபோன பகுப்பு மறுபடி நகர்கிறது. இரண்டு பக்கத்திலிருந்தும் இழுக்கும் இழைகள் வந்து ஜோடியைப் பிடிக்கின்றன. ஜோடி கட்டுண்டு இருந்தால்தான் ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம் என்று எதிரெதிரே இழுத்து நிற்க முடியும். அந்த விறைப்புதான் எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

மீதியை ராத்திரி எழுதுகிறேன். மோட்டார் போட வேண்டும், கரண்ட் வந்துவிட்டது.

மீனாட்சிபுரம் மருந்துக்கடை | 5 ஜூன், 2.15

கயிறு நைந்தால் ஜோடி அறும், சரி. ஒன்று எப்படிக் கூடும்? அந்த அம்மா கேட்டது அப்படியே நிற்கிறது.

பழைய லேப்காரன் | 5 ஜூன், இரவு 9.50

அதற்குத்தான் வருகிறேன். ஒரு முட்டையை எடுத்துக்கொள்வோம். 21-ம் ஜோடி துண்டு மாற்றிக்கொண்ட இடம் நுனிக்கு மிக அருகில். அதற்கு அப்பால் இருந்த வளையங்கள் ஆரம்பத்திலேயே கொஞ்சம்தான். 37 வருடத்தில் அவையும் கழன்றுவிட்டன. இழைகள் வந்து பிடிக்கும்போது அங்கே ஜோடி இல்லை, தனித்தனியாக இரண்டு 21 மிதக்கின்றன.

இந்தப் பகுப்பில் ஒரு பாதி முட்டையாகும், மறுபாதி துருவ செல் என்ற சிறு பொட்டலமாக வெளியே தள்ளப்படும். தனித்தனியான இரண்டும் ஒன்றையொன்று பாராமல் போகின்றன. எண்ணிப் பாருங்கள், நாலு வழி இருக்கிறது. முதலாவது முட்டைக்கும் இரண்டாவது பொட்டலத்துக்கும். அல்லது மாறி. அல்லது இரண்டும் முட்டைக்கு. அல்லது இரண்டும் பொட்டலத்துக்கு. ஆக ஜோடி அவிழ்ந்த பிறகும் பாதி வாய்ப்பு, தற்செயலாக எல்லாம் சரியாக அமைவதற்கு. கால் பங்கில் முட்டையில் இரண்டு 21. விந்தின் ஒன்றும் சேர்ந்து மூன்று. கால் பங்கில் முட்டையில் 21 இல்லவே இல்லை. விந்தின் ஒன்று மட்டும்.

குறையவும் செய்கிறது, தங்கை. ஒன்று மட்டும் உள்ள கரு ஏறக்குறைய எப்போதும் ஆரம்பத்திலேயே நின்றுவிடும், பல சமயம் நாள் தள்ளிப்போனதுகூடத் தெரியாது. அதனால் கூடியது மட்டும் நம் கண்ணுக்குப் படுகிறது.

மற்றக் குரோமோசோம்களிலும் இதே கதை. 16 கூடுவது கருச்சிதைவுகளில் அடிக்கடி காணப்படுவது, பிறப்புவரை வருவதில்லை. 21-ல் மரபணுக்கள் மிகக் குறைவு. ஒன்று கூடினாலும் ஒரு பகுதிக் கருக்கள் தாங்கிப் பிறந்துவிடுகின்றன.

நான் சொன்ன கால், அரைக் கணக்கு வெறும் காகிதக் கணக்கு. உண்மையான முட்டையில் தனித்துப்போன 21-ன் இரட்டை இழைகளே முன்கூட்டிப் பிரிந்து ஆளுக்கொரு திசை போவதும் உண்டு. வயதான முட்டைகளில் அது நிறைய.

வேலந்தாவளம் அம்மா | 6 ஜூன், காலை 5.45

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று இடிக்கிறது. என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். அவன் பிறந்தபோது எனக்கு 24. எந்தக் கயிறு நைந்தது?

இன்னொன்று. பழைய முட்டை, கெட்ட முட்டை என்று எழுதுகிறீர்கள். அவன் இப்போது கடைக்குப் போய்ப் பால் வாங்கி மீதிச் சில்லறை எண்ணி வாங்கி வருகிறான். பக்கத்து வீட்டுப் பையன் எண்ணாமல் வருவான். எழுதும்போது அவனைப் போன்றவர்களும் ஒரு நாள் இதைப் படிப்பார்கள் என்று நினைத்து எழுதுங்கள்.

பழைய லேப்காரன் | 6 ஜூன், 8.30

கெட்ட முட்டை என்று நான் எழுதவில்லை அம்மா, ஆனாலும் நீங்கள் சொல்வது நியாயம்.

24 வயதுக்கு வருகிறேன். துண்டு மாற்றிக்கொள்ளும் இடம் கருவறையிலேயே தீர்மானமாகிவிடுகிறது. 21 குட்டையானது, அதில் பெரும்பாலும் ஒரே ஒரு மாற்றம்தான் நடக்கும். சில முட்டைகளில் அந்த ஒன்றும் நடப்பதில்லை. அப்படியானால் ஜோடியைக் கட்ட முதலிலிருந்தே ஒன்றுமில்லை, 20 வயதிலும் அவிழும், 40 வயதிலும் அவிழும். இளம் தாய்மார்களின் குழந்தைகளில் இந்த வகைதான் அதிகம் தெரிகிறது. வயது ஏற ஏற, மாற்றம் நல்ல இடத்தில் நடந்த ஜோடிகளும் அவிழத் தொடங்குகின்றன. இரண்டு காரணம், ஒன்றின்மேல் ஒன்று.

எண்ணிக்கையும் பாருங்கள். 25 வயதில் சுமார் 1,300 பிரசவத்துக்கு ஒன்று, 37 வயதில் சுமார் 225-க்கு ஒன்று. கணக்குக்காக ஓர் ஊரில் 10,000 பிரசவம், அதில் 9,400 பேர் 25 வயது, 600 பேர் 37 வயது என்று வையுங்கள். இளையவர்களிடம் ஏழு குழந்தைகள், மூத்தவர்களிடம் இரண்டு மூன்று. வாய்ப்பு குறைவு, ஆட்கள் அதிகம். உங்களைப் போன்ற அம்மாக்கள்தான் பெரும்பான்மை.

மகனின் குரோமோசோம் ரிப்போர்ட் வைத்திருக்கிறீர்களா? அதில் என்ன எழுதியிருக்கிறது?

வேலந்தாவளம் அம்மா | 6 ஜூன், 11.20

பீரோவில் இருந்தது. `47,XY,+21`

பழைய லேப்காரன் | 6 ஜூன், 11.40

அப்படியானால் நான் சொன்ன வகைதான். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் இது. `46,XY,der(14;21)(q10;q10),+21` என்பது போல இருந்தால் கதை வேறு. கூடுதல் 21 இன்னொரு குரோமோசோமோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அது தாயிடமோ தந்தையிடமோ அமைதியாக இருந்து இறங்கி வரலாம், வயதோடு சம்பந்தமில்லை, அடுத்த பிள்ளைக்கும் வரலாம். வம்சம் பற்றி மாமியார் சொல்வது செல்லுபடியாவது அந்தச் சிறு வகைக்கு மட்டும்தான். மற்ற 95-ல் நாலு தலைமுறை என்ன, நாற்பது தலைமுறை சுத்தமாக இருந்தாலும் பொருளில்லை.

சொந்தத்தில் கட்டுவதும் இதற்குக் காரணமில்லை. மரபணுவில் ஒரே குறை இரண்டு பக்கமும் வந்து சேரும் நோய்களுக்கு அது காரணம். இது பிரிப்பதில் நேரும் தவறு. மருந்துக்கடைக்காரர் பாதிக்கு மேல் என்ற கணக்கை எங்கே எடுத்தார்?

மீனாட்சிபுரம் மருந்துக்கடை | 6 ஜூன், 12.30

கடையில் உட்கார்ந்து பார்க்கிற கணக்குதான். சரி விடுங்கள். ஆனால் எல்லாம் பெண் தலையில் ஏன்? இந்த அம்மாவின் கணவருக்கு என்ன வயது? அவர் கணக்கில் வர மாட்டாரா?

கொழிஞ்சாம்பாறை மருமகள் | 6 ஜூன், 1.05

அவருக்கு 44. இதை அவரிடம் படித்துக் காட்டினேன், பேப்பரை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

உயிரியல் வாத்தியார் | 6 ஜூன், 4.40

விந்து அன்றாடம் புதிதாக உண்டாவது. ஆணுக்கு விந்து உருவாகத் தொடங்கி முடிய இரண்டு, இரண்டரை மாதம்தான், பாதியில் நிற்பதே கிடையாது. கழலுவதற்கு நேரமில்லை. இதையாவது சரியாகச் சொன்னேனா சார்?

ஆனால் ஒரு சந்தேகம். வயதான பெண்ணுக்குக் கருப்பையும் வயதானதுதானே. இளம் கருப்பை தவறான கருவைத் தள்ளிவிடுகிறது, வயதான கருப்பை தள்ளாமல் வைத்துக்கொள்கிறது என்று எங்கோ படித்தேன். முட்டையைக் குற்றம் சொல்ல என்ன ஆதாரம்?

பழைய லேப்காரன் | 6 ஜூன், இரவு 10.15

சரியாகச் சொன்னீர்கள். ஆணின் வயது ஏறினால் வருவது வேறு, மரபணு எழுத்துப் பிழைகள். குள்ளமான உடலமைப்பு தரும் அகோண்ட்ரோபிளாசியா அப்படி ஒன்று.

ஆதாரம் மூன்று விதமாக இருக்கிறது. முதலாவது பழையது. 1933-ல் லயனல் பென்ரோஸ் இங்கிலாந்தில் குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுத்து, தந்தை வயதையும் தாய் வயதையும் பிரித்துப் பார்த்தார். வயதான மனைவிக்குக் கணவனும் வயதானவனாக இருப்பான், அதுதான் சிக்கல். பிரித்தபோது தாயின் வயதுதான் நின்றது. குரோமோசோம் ஒன்று கூடுதல் என்பதே 1959-ல்தான் தெரிந்தது, அவர் அதற்கு 26 வருடம் முன்னால்.

இரண்டாவது, டி.என்.ஏ. அடையாளங்கள். குழந்தையின் மூன்று 21-ஐயும் பெற்றோருடையவற்றோடு ஒப்பிட்டால் கூடுதல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். பத்தில் ஒன்பதில் தாயிடமிருந்து. குன்றல் பகுப்பு இரண்டு கட்டம்: முதலில் ஜோடி பிரியும், பிறகு இரட்டை இழைகள் பிரியும். இன்னும் நுணுக்கமாக, குரோமோசோமின் இடுப்பான சென்ட்ரோமியர் பக்கத்து அடையாளங்கள் இரண்டும் வேறு வேறாக இருந்தால் தவறு முதல் பகுப்பில், ஒரே மாதிரி இருந்தால் இரண்டாம் பகுப்பில். தாயிடமிருந்து வருபவற்றில் பெரும்பகுதி முதல் பகுப்பு, அதாவது அந்த நீண்ட காத்திருப்பு முடிகிற இடம்.

மூன்றாவதுதான் உங்கள் கருப்பைக்குப் பதில். 45 வயதுப் பெண் 25 வயதுப் பெண்ணின் முட்டையைத் தானமாகப் பெற்றுச் சுமந்தால், வாய்ப்பு 25 வயதுக்குரியதாகத்தான் இருக்கிறது. கருப்பை அதே 45.

35 பற்றியும் சொல்லிவிடுகிறேன். அங்கே மதில் எதுவும் இல்லை. 30-ல் 900-க்கு ஒன்று, 35-ல் 350-க்கு ஒன்று, 40-ல் 100-க்கு ஒன்று, 45-ல் 30-க்கு ஒன்று, எல்லாம் ஏறத்தாழ. வளைந்து ஏறும் கோடு. 35 என்பது பரிசோதனைக்காக மனிதர் போட்ட கோடு.

கொழிஞ்சாம்பாறை மருமகள் | 7 ஜூன், காலை 9.00

37-க்கு 225 என்கிறீர்கள். என் ரிப்போர்ட்டில் 210. அப்படியானால் ஸ்கேனும் ரத்தமும் என் நிலையை மோசமாக்கியிருக்கிறதா?

பழைய லேப்காரன் | 7 ஜூன், 9.40

இல்லை, இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 225 என்பது பிறக்கும் குழந்தைகளின் கணக்கு. உங்கள் ரிப்போர்ட் பெரும்பாலும் 12-ம் வாரத்துக் கணக்கு. 12-ம் வாரத்தில் இருக்கும் இத்தகைய கருக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று பிரசவம்வரை நிலைப்பதில்லை. ஆகவே அந்த வாரத்தில் 37 வயதுக்கு வயதை மட்டும் வைத்தால் 150-க்கு ஒன்று அளவு. அதே தாளில் 'ஏஜ் ரிஸ்க்' என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள் | 7 ஜூன், 9.52

இருக்கிறது. 1:152.

பழைய லேப்காரன் | 7 ஜூன், 10.05

ஆக ஸ்கேனும் ரத்தமும் உங்கள் வாய்ப்பைக் கொஞ்சம் குறைத்திருக்கின்றன. 250-க்குள் வந்தால் சிவப்பு என்பது கம்ப்யூட்டரில் போட்ட எல்லை. உங்களைச் சிவப்பில் வைத்திருப்பது பிறந்த தேதி. 210-ல் 209 பேருக்கு இது இருக்காது, அரை சதவீதத்துக்கும் கீழே. ஆனால் நீங்கள் அந்த ஒருவரா என்பதை இந்த எண் சொல்லாது. அதற்குக் கருவின் குரோமோசோமையே பார்க்க வேண்டும்.

மீனாட்சிபுரம் மருந்துக்கடை | 7 ஜூன், 12.10

கோஎன்சைம் கியூ10 மாத்திரை முட்டைக்கு நல்லது என்று மருத்துவப் பிரதிநிதி சொல்கிறார். வயதானவர்கள் முன்கூட்டியே சாப்பிட்டால்?

பழைய லேப்காரன் | 7 ஜூன், 12.40

வயதான எலிகளில் முட்டையின் சக்தி கொஞ்சம் தேறியது என்று காட்டியிருக்கிறார்கள். பெண்களில் டவுன் சிண்ட்ரோம் குறைந்ததாக நிரூபணம் இல்லை. கழன்ற வளையத்தை மாட்டும் மாத்திரை எதுவும் உங்கள் அலமாரியில் இல்லை.

உயிரியல் வாத்தியார் | 7 ஜூன், 5.30

எல்லாம் எலி எலி என்கிறீர்கள். மனித முட்டையில் வளையம் குறைவதை யாராவது கண்ணால் பார்த்தார்களா?

பழைய லேப்காரன் | 7 ஜூன், இரவு 9.20

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். மனித முட்டையில் இரட்டை இழைகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி வயதோடு அகலுவது நுண்ணோக்கியில் தெரிகிறது, ஜோடிகள் அவிழ்வதும் தெரிகிறது. ஆனால் கோஹீசின் அளவையே அளந்தவர்கள் ஒத்துப்போகவில்லை. ஒரு குழு குறைவதாகவும் இன்னொரு குழு வித்தியாசம் இல்லை என்றும் எழுதியிருக்கிறது. சோதனைக்குக் கிடைக்கும் மனித முட்டைகள் மிகக் கொஞ்சம், சண்டை தீரவில்லை.

கோஹீசின் மட்டும் குற்றவாளி என்றும் நான் நினைக்கவில்லை. மனித முட்டையில் இழுக்கும் இழைகள் ஒழுங்காக அமையவே சுமார் 16 மணி நேரம் ஆகிறது, நடுவில் அவை நிலைகுலைவதும் உண்டு, இளம் முட்டையிலும்கூட. எல்லாம் மாட்டியாயிற்றா என்று பார்க்கும் காவலும் முட்டையில் கொஞ்சம் தளர்வு. ஒன்றிரண்டு குரோமோசோம் சரியாக மாட்டாவிட்டாலும் விட்டுவிடுகிறது. ஏற்கெனவே இப்படி இருக்கும் இடத்தில் ஜோடியும் அவிழ்ந்தால் என்ன ஆகும்? எதற்கு எத்தனை பங்கு என்று யாராவது அடித்துச் சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை மருமகள் | 9 ஜூன், காலை 7.15

பனிக்குட நீரை ஊசியால் எடுக்கும் ஆம்னியோ என்று முடிவு செய்திருக்கிறோம், 16-ம் வாரத்தில். மாமியாருக்கு ஊசி என்றால் பயம், அதனால் ரத்தத்தில் செய்கிற என்.ஐ.பி.டி. போதாதா என்று கேட்கிறார். லேப்பில் இரண்டு மூன்று பெயர் சொன்னார்கள். எதைக் கேட்க வேண்டும்?

வேலந்தாவளம் அம்மா | 9 ஜூன், 8.00

ரிப்போர்ட் எப்படி வந்தாலும், பேச ஆள் வேண்டுமென்றால் நான் பக்கத்தில்தான் இருக்கிறேன். என் மகனையும் பார்க்கலாம். வரும்போது பால் வாங்கி வராதீர்கள், அது அவன் வேலை.

பழைய லேப்காரன் | 9 ஜூன், 8.45

என்.ஐ.பி.டி. நல்ல வடிகட்டி, அதில் கூடுதல் என்று வந்தாலும் ஆம்னியோவில் உறுதி செய்தே ஆக வேண்டும். ஊசியால் கர்ப்பத்துக்கு வரும் ஆபத்து சிறியது, ஆனால் பூஜ்யம் அல்ல. இதை டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், இந்த முறை டோக்கன் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள். ஆம்னியோ என்றால் கியூ.எஃப்.-பி.சி.ஆர்., கேரியோடைப் இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். முதலாவது சில நாட்களில் 21 எத்தனை என்று சொல்லிவிடும். இரண்டாவதற்குச் செல் வளர வேண்டும், இரண்டு வாரம் போலாகும். ஆனால் கூடுதல் 21 தனியாக நிற்கிறதா, இன்னொன்றோடு ஒட்டி நிற்கிறதா என்று காட்டுவது அதுதான். பணம் மிச்சமாகும் என்று முதலாவதோடு நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தாதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை மருமகள் | 9 ஜூன், 9.10

எழுதி வைத்துக்கொண்டேன். ஒட்டி நிற்பது என்றால் அவருக்கும் ரத்தம் எடுப்பார்களா?

பழைய லேப்காரன் | 9 ஜூன், 9.14

எடுப்பார்கள், உங்களுக்கும் அவருக்கும். அன்றைக்குப் பேப்பரைக் கீழே வைக்கச் சொல்லுங்கள்.